212 ஓட்டு வாங்கிய கோரிக்கையைத் தள்ளிவைத்து 64 ஓட்டு வாங்கியதைக் கையில் எடுத்த கதை

கேள்வி: எங்கள் மென்பொருளில் என்ன வசதி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் ஓட்டுப் போட ஒரு போர்டு திறந்தோம். 180 கோரிக்கைகள் சேர்ந்துவிட்டன. அதிக ஓட்டு வாங்கியதிலிருந்து வரிசையாகச் செய்துகொண்டே போகலாமா?

பதில்: வேண்டாம். போர்டில் தெரியும் எண், கோரிக்கை பதிவான நாளிலிருந்து சேர்ந்த மொத்தம். பழையது என்றாலே அதிகம் சேர்ந்திருக்கும். அதோடு, பட்டியல் ஓட்டு வரிசையில் இருந்தால் மேலே இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். இன்னும் ஓட்டு விழும். அதனால் கடைசி 90 நாட்களில் விழுந்த ஓட்டை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள்.

நான் இருந்த பில்லிங் மென்பொருள் குழுவில் 'டார்க் மோட்' மூன்று வருடமாக முதலிடத்தில் இருந்தது, 212 ஓட்டு. ஐந்து மாதத்துக்கு முன் வந்த 'எக்செல் ஏற்றுமதி'க்கு 64தான். ஆனால் கடைசி 90 நாளில் முதலாவதற்கு 9, இரண்டாவதற்கு 31. அந்த 31 பேரில் 22 பேர் கட்டணம் செலுத்துபவர்கள்.

சரி, எக்செல் ஏற்றுமதியைச் செய்யத் தொடங்கிவிடலாமா? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஓட்டு போட்டவர் சொல்வது அவருக்குத் தோன்றிய தீர்வு. சிக்கல் வேறாக இருக்கலாம். ஆறு பேரை அழைத்து, "கடைசியாக இது தேவைப்பட்டபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். "இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்கவே கூடாது, எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஆறில் ஐந்து பேர் மாத முதல் வாரத்தில் பில் விவரங்களைக் கணக்காளருக்கு அனுப்பத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யோசித்திருந்த, விரும்பிய நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் ஏற்றுமதித் திரைக்கு மூன்று வாரம் ஆகும். மாதம் ஒருமுறை கணக்காளரின் மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும் ஒரு சிஎஸ்வி கோப்புக்கு நான்கு நாள் போதும். வேலைப் பட்டியலுக்குப் போனது அதுதான்.

ஒரே மாதிரி தெரியும் கோரிக்கைகளை ஒன்றாக இணைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 'பிடிஎஃப் வேண்டும்' என்ற பதிவை எக்செலோடு சேர்த்துவிட்டோம். அவர்களுக்கு வேண்டியிருந்தது அச்செடுப்பது. அப்புறம் பிரிக்க வேண்டியதாயிற்று.

`Planned` என்ற நிலையை, வேலையை யார் செய்வார், எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த பிறகே போடுங்கள். நல்ல யோசனை என்பதற்காகப் போட்டால் அதை வாக்குறுதியாகத்தான் படிப்பார்கள். போட்ட அன்றே, எதைச் செய்யப்போகிறோம், எதைச் செய்யவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஓட்டு போட்ட எல்லோருக்கும் அது மின்னஞ்சலாகப் போய்விடும்.

டார்க் மோடை, இந்த வருடம் தொடப்போவதில்லை என்று காரணத்தோடு எழுதி `Closed` ஆக்கினோம். கோபமாக இரண்டு பதில்கள் வந்தன. அதில் ஒருவர், இரவுப் பணியில் விளக்கு மங்கிய அறையில் எட்டு மணி நேரம் இதே திரையைப் பார்ப்பதாக எழுதியிருந்தார். 212 ஓட்டில் ஒன்றில்கூட அந்தக் காரணம் இல்லை. அவரைத்தான் அடுத்து அழைத்தோம்.