அகன்ற இலைக்கு சாட்டின் தையல் ஏன் நிற்பதில்லை

"கம்பளி நூலால் தைக்கும் குரூவல் கிட் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். ட்வில் துணியில் ஒரு பெரிய இலை, 9 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். குறிப்புத்தாளில் சொன்னபடி சாட்டின் தையலால் நிரப்பினேன். வளையத்தைக் கழற்றியதும் துணி சுருங்கிவிட்டது, நூல் தொங்குகிறது, பிசிறும் கிளம்புகிறது. பிரித்துவிடலாமா? சுற்றியிருக்கும் சிறிய இலைகளுக்கு எந்தத் தையல் போடுவது? இதைச் சுவரில் மாட்டப் போகிறேன். அடுத்தது சோபா தலையணை உறை தைக்க ஆசை."

பிரித்துவிடுங்கள். 4 செ.மீ. அகலத்துக்குச் சாட்டின் தையலை எழுதிக்கொடுத்தவர் கம்பளி நூலைக் கையில் எடுத்துத் தைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கம்பளி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். விளிம்பிலிருந்து விளிம்புக்கு நெருக்கமாக நூலை ஓட்டி நிரப்பும் சாட்டின் தையலில் துணியின் முன்பக்கம் எவ்வளவு நூல் ஓடுகிறதோ, அதே அளவு பின்பக்கமும் ஓடுகிறது. வளையத்தில் துணி விறைப்பாக இருக்கும்வரை அந்த இழுவை தெரியாது. கழற்றியவுடன் இருபுறத்து நூலும் சுருங்கி, நடுவில் அகப்பட்ட துணியையும் சேர்த்து இழுக்கும். சற்றுத் தளர்வாகப் போட்ட இழைகளோ, இடையில் பிடிமானம் எதுவும் இல்லாததால், தொங்கத் தொடங்கும். கம்பளி நூலை ஊசியில் ஒற்றையாகக் கோத்துத் தைக்கும்போது சாட்டின் தையலை ஏறக்குறைய 1 செ.மீ. அகலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆகவே எந்தத் தையல் என்பதை இலையின் பெயரையோ குறிப்புத்தாளையோ பார்த்து முடிவு செய்யாமல், அளவுகோலை இலையின் குறுக்கே வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் படுக்கைத் திரைகளில் உங்கள் இலையைவிடப் பல மடங்கு பெரிய இலைகள் உண்டு. அபிகேல் பெட் என்ற பெண் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தைத்த திரைகள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அக்காலத்தில் பெரிய இலையை நரம்புகளால் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறு நிரப்புத் தையலால் தைக்கும் வழக்கம் இருந்தது. உங்கள் இலைக்கு அவற்றுள் எளிதான ஒன்று போதும். முதலில் இலை முழுவதும் நூலைக் கிடத்தி, பிறகு அதன்மேல் கட்டம் போட்டுக் கட்டிவிடும் முறை அது. ஆங்கிலத்தில் அதை லெய்டு ஒர்க் என்பார்கள்.

இலையின் மிக அகன்ற இடத்தில் தொடங்குங்கள். ஒரு விளிம்பில் ஊசியை மேலே எடுத்து, குறுக்கே கொண்டுபோய் எதிர் விளிம்பில் இறக்குங்கள். அடுத்த இழைக்குப் பின்பக்கமாகத் திரும்பி வராமல், இறங்கிய அதே விளிம்பில் ஓர் இழை அகலம் தள்ளி மேலே எடுங்கள். இப்படி நூல் முழுவதும் முன்பக்கமே தங்கும், பின்பக்கம் சிறு புள்ளிகள் மட்டுமே விழும். நூலும் மிச்சம், துணியும் சுருங்காது. இழைகளுக்கு இடையே இடைவெளி விட்டுக்கொண்டே நுனிவரை போய், திரும்பி வரும்போது அந்த இடைவெளிகளை நிரப்புங்கள். மறு பாதியையும் அப்படியே முடியுங்கள். ட்வில் துணியின் சாய்வு வரிகளுக்கு இணையாக நூலைக் கிடத்த வேண்டாம். இழைகள் அந்தப் பள்ளங்களில் இறங்கி மேற்பரப்பு வரிவரியாகிவிடும்.

அடுத்து, வேறு நிற நூலில் சாய்வாக நீண்ட கோடுகள், 6 முதல் 8 மி.மீ. இடைவெளியில். இலையின் நடுவில் ஓடும் கோட்டை முதலில் போட்டு, அதிலிருந்து இருபுறமும் போனால் கட்டங்கள் கோணலாகாது. எதிர்ச் சாய்விலும் அப்படியே போட்டு, கோடுகள் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு தையலால் கட்டுங்கள். கிடத்திய இழைகளைத் துணியோடு பிடித்து வைப்பது இந்தச் சிறு தையல்கள்தாம் என்பதால் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. கடைசியாக விளிம்பைச் சுற்றிலும் நடு நரம்பிலும் காம்புத் தையல் போட்டால் இழை முனைகள் மறைந்துவிடும்.

சிறிய இலைகள் 2 செ.மீ. அளவில் இருந்தால் மீன்முள் தையல் போடுங்கள். நுனியில் நரம்பின்மேல் ஒரு நேர்த்தையல்; பிறகு இடமும் வலமுமாக மாறி மாறி, ஒவ்வொரு தையலும் நரம்பைச் சற்றே கடந்து இறங்கட்டும். தையல்கள் நரம்பை ஒட்டி நன்கு சாய்ந்திருந்தால்தான் நுனி கூராகும். நிறம் படிப்படியாக மாறவேண்டிய இடத்துக்கு லாங் அண்ட் ஷார்ட் தையல் இருக்கிறது. ஆனால் அதை இந்த வேலையில் தொட வேண்டாம்.

தலையணை உறை என்றீர்களே, அங்கே நான் மேலே சொன்ன லெய்டு ஒர்க் செல்லாது. கட்டி வைத்திருந்தாலும் கட்டத்துக்குள் 6 மி.மீ. நூல் மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. மோதிரமும் வளையலும் குழந்தையின் விரலும் அதில் மாட்டும். ஓர் இழை வெளியே வந்தால் மற்றவை தளரும். தலை உரசும் இடத்தில் கம்பளி பிசிறாகும். கட்டத்தை நெருக்கினால் போதுமா என்று கேட்பார்கள். உரசல் அப்படியே இருக்கும், அழகு மட்டும் போய்விடும். உறைக்குச் சங்கிலித் தையல் வரிசைகளே பொருத்தம். இலையின் விளிம்பை ஒட்டி ஒரு வரிசை, அதை ஒட்டி உள்ளே இன்னொரு வரிசை என்று நரம்புவரை போங்கள். ஒவ்வொரு கண்ணியும் சில மி.மீ. மட்டுமே என்பதால் மாட்டுவதற்கு நூல் கிடைக்காது. காஷ்மீரில் ஆரி ஊசியால் செய்யப்படும் குரூவல் இந்தச் சங்கிலித் தையல்தான். திரைக்கும் இருக்கை உறைக்கும் அது ஓடுவதன் காரணமும் இதுவே. அந்தக் காஷ்மீர் வடிவங்களைப் பிரதியெடுத்து, பக்கத்தில் "சாட்டின் தையலால் நிரப்புக" என்று அச்சிட்டு விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். உங்கள் கிட்டும் அந்த வகையாக இருக்கக்கூடும்.

பிசிறு பற்றி எனக்குக் கூடுதல் சந்தேகம் உண்டு. கடைகளில் உல்லன் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். கிட்டின் உறையில் எத்தனை விழுக்காடு கம்பளி என்று போடாமலே விற்கிறார்கள், கேட்பாரும் இல்லை. சான்றிதழ் வகுப்புகளிலோ பருத்தி நூலில் சாட்டின் தையல் பழக்கி மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், நூல் மாறினால் தையலும் மாறும் என்று யாரும் சொல்வதில்லை. நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, தட்டின்மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி மெதுவாக எரிந்து, முடி கருகும் வாடை வீசி, தீயை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கறுத்த கெட்டியான மணியாக உறையும். கம்பளிதான் என்றாலும் பின்னலுக்கான தளர்ந்த முறுக்கு நூல் வேண்டாம். இரட்டை இழையாக முறுக்கிய குரூவல் நூல் வாங்குங்கள். அதை 45 செ.மீ. அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஊசி 22 எண் ஷெனில். கூர்முனையும் அகன்ற காதும் உள்ளது. காது சிறுத்தால் துணி வழியே நூல் போகும் ஒவ்வொரு முறையும் உரசித் தேயும்.

பிரிக்கும்போது நூலை உருவாதீர்கள், ட்வில்லின் இழைகள் விலகும். முன்பக்க இழைகளின் நடுவே சிறு கத்தரியால் வெட்டி, பின்பக்கமிருந்து துண்டுகளை எடுத்துவிட்டு, மிச்சப் பஞ்சை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுங்கள். அச்சுக் கோடும் நூல் நிறமும் கரையவில்லை என்று ஓரத்தில் சோதித்த பிறகு, துணியை லேசாக நனைத்து, பலகையில் நான்கு பக்கமும் இழுத்து ஊசி குத்திக் காயவிட்டால் துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். புதிதாகத் தைத்து முடித்ததும் இஸ்திரி போடாமல் இதே முறையில் நேராக்குங்கள். அழுத்தித் தேய்த்தால் கம்பளி தட்டையாகிவிடும். பிரித்தெடுத்த நூலை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.