ஹீட்டர் பக்கம் கேஸ் வாடை: சுவிட்சைத் தொடாதீர்கள்

"ஊட்டியில் வாடகை வீடு. ரூம் ஹீட்டரை அணைத்த பிறகும் சிலிண்டர் பக்கம் கேஸ் வாடை வருகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா?"

வேண்டாம் நண்பரே. எரிகிற விளக்கையும் அணைக்காதீர்கள். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி பறக்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்திருந்தாலே அது பற்றிக்கொள்ளும். மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் இருந்தால் அதற்கும் இதே கதிதான்.

கைக்கெட்டினால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். 'உஸ்' சத்தமோ கடும் வாடையோ இருந்தால் அதற்கும் நிற்காதீர்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். முகத்தருகே வாடை குறைந்ததை நம்பி உள்ளே திரும்பாதீர்கள். நன்றாகத் தள்ளிப் போன பிறகு போனை எடுத்து கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள். ஆட்கள் வந்து பார்க்கும்வரை ஹீட்டரைப் பற்றவைக்க வேண்டாம், எவ்வளவு குளிராக இருந்தாலும்.