வருஷ பிளான் மிச்சம்னு யார் சொன்னது?

"சார், சம்பளம் 34 ஆயிரம். ஓடிடி, பாட்டு ஆப், ஜிம் எல்லாமே வருஷ பிளான்தான், மாசாமாசம் கட்டுறத விட மிச்சம்னு எடுத்தது. போன வாரம் எஸ்ஐபி பவுன்ஸ் ஆயிடுச்சு, பாத்தா முந்தின நாள்தான் ஓடிடிக்கு 1,499 தானா போயிருக்கு. மச்சினனும் அதே அக்கவுண்ட்லதான் பாக்குறான். எத கட் பண்ணட்டும்?"

எத கட் பண்றதுங்கறது அப்புறம், மொதல்ல அந்த "மிச்சம்"ங்கற வார்த்தைய விடுங்க. அதே ஓடிடி மாசத்துக்கு 299னு வச்சுக்குவோம். 1,499ஐ 299ஆல வகுத்தா அஞ்சு வருது, அதாவது வருஷத்துல அஞ்சு மாசத்துக்கு மேல பாத்தாதான் வருஷ பிளான் லாபம். நீங்க எத்தன மாசம் பாத்தீங்கன்னு ஹிஸ்டரியத் திறந்து எண்ணுங்க, ஆனா உங்க ப்ரொஃபைல்ல இருக்கறத மட்டும், மச்சினன் பாத்த சீரியல் எல்லாம் உங்க கணக்குல வராது. கிரிக்கெட் சீசன்ல ரெண்டு மாசம், மொத்தம் இருபது தடவைனு வந்தா ஒரு தடவைக்கு 75 ரூபா. அந்த ரெண்டு மாசம் மட்டும் கட்டியிருந்தா 598, தடவைக்கு 30 ரூபாதான். மிச்சம்னு நெனச்சு 900 ரூபா கூட குடுத்திருக்கீங்க. மச்சினனுக்கு வேணும்னா பாதி காசு கேளுங்க, குடுக்கலேன்னா அவனுக்கும் அது அவ்ளோ தேவையில்லன்னு அர்த்தம். ஜிம்முக்கும் போன நாள எண்ணி இதே மாதிரி வகுத்துக்கோங்க.

இப்ப அந்த தானா போன விஷயம். ஆட்டோபேல 15 ஆயிரம் வரைக்கும் ஓடிபி கேக்காது, மொத தடவ நீங்க ஓகே குடுத்ததோட சரி. பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடி மெசேஜ் வரணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு, உங்களுக்கும் வந்திருக்கும், லோன் வேணுமானு வர்ற நூறு எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவுல கிடக்கும், தேடிப் பாருங்க. ஆப்ப டெலீட் பண்ணிட்டா நின்னுடும்னு நெனைக்காதீங்க, நிக்காது. சர்வீஸோட அக்கவுண்ட் பக்கத்துல கேன்சல் குடுத்துட்டு, யுபிஐல போட்டிருந்தா அந்த ஆப்ல ஆட்டோபேனு இருக்கற எடத்துக்குப் போய் தானா பணம் எடுக்க நீங்க குடுத்த அனுமதிய, அதாவது மேண்டேட்டையும் ரத்து பண்ணணும்.

நான் பண்றது என்னன்னா காசு கட்டின அன்னைக்கே ரினியூவல கேன்சல் பண்ணிடுவேன், பெரும்பாலும் கட்டின காலம் முடியற வரைக்கும் ஓடத்தான் செய்யும். ஒரு ரூபா ட்ரையல்ல மட்டும் சிலது உடனே நிறுத்திடும், அதுல பின் போடறதுக்கு முன்னாடி மேண்டேட்ல அதிகபட்சம் எவ்ளோன்னு போட்டிருக்கும் பாருங்க, ஒரு ரூபான்னு பெருசா எழுதிட்டு கீழ ரெண்டாயிரம்னு இருக்கும்.

அப்புறம் சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் கணக்கு பாத்துத் தர்றோம்னு எஸ்எம்எஸ் பெர்மிஷன் கேக்கற ஆப் எதையும் போட்டுடாதீங்க, பாதி ஆப்புக்கு அதுக்கே ஒரு வருஷ பிளான் இருக்கு.