கோரஸில் கத்துகிறவன் தனியாக ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. டீச்சர் உள்ளே வந்ததும் எல்லோரோடும் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்று கத்துகிறான். ஆனால் அட்டெண்டன்ஸில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதில்லை. "திமிர்" என்று டயரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எதற்கு இந்தச் சடங்கெல்லாம்? பேச்சுத் தைரியம் வளர்க்கிறோம் என்று ஒரு பயிற்சி மையம் ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறது. சேர்க்கலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். முதலில் பையனுக்கு என்ன என்று பார்ப்போம்.

எழுந்து நின்று வணக்கம் சொல்வதை மரியாதை என்றே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மரியாதைதான், ஆனால் டீச்சருக்கு அது ஒரு வேலைக் கருவியும்கூட. நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது "அமைதி" என்று கத்தினால் முன்வரிசைக்குத்தான் கேட்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே ராகத்தில் இழுத்துச் சொல்லி, "சிட் டவுன்" என்றதும் உட்கார்ந்தால் பேச்சு தானாக அறுந்து பாடம் தொடங்கிவிடும். கோரஸ் நமக்குப் புதிதும் அல்ல. அச்சுப் புத்தகம் இல்லாத திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்லித்தான் எண்சுவடி மனப்பாடமானது.

கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிட்டால் யாரும் நம்மைத் தனியாகப் பார்க்கமாட்டார்கள் என்பதையும் பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது அதுதான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று அதே ராகத்தில் பதில் வரும். புரியாதவன் குரலும் அதில்தான் இருக்கும். அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் இந்தக் கோரஸுக்கு ஒத்திகை நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு வாக்கியம் பேசுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஜப்பானியப் பள்ளிகளிலும் எழுந்து வணங்கும் சடங்கு உண்டு. அங்கே அன்றைய முறைக்காரப் பிள்ளை "எழு, வணங்கு, உட்கார்" என்று குரல் கொடுக்கும். ஆசிரியரும் பதிலுக்குக் குனிவார். முறை மாறிக்கொண்டே வருவதால் எல்லோருக்கும் தனிக்குரல் எழுப்பும் நாள் வரும். இங்கே வருஷம் பூராவும் ஒரே கிளாஸ் லீடர்தான் "ஸ்டாண்ட் அப்" சொல்கிறான்.

உங்கள் மகன் கூச்சப்படுகிறவனாக மட்டும் இருந்தால், அந்த முறையை நாலைந்து பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவன் தோழன் ஒருவனோடு இரண்டு பேராகச் சொல்லித் தொடங்கட்டும்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது கூச்சம் அல்ல, திக்குவாய். திக்கும் பிள்ளைகளில் பலர் பிறரோடு சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் கிட்டத்தட்டத் திக்குவதே இல்லை. கோரஸில் "குட் மார்னிங்" தங்குதடையின்றி வரும். தன் பெயரைக் கூப்பிட்டு, வகுப்பே அமைதியாகி, "உள்ளேன்" என்று சொல்ல வேண்டிய கணத்தில் முதல் ஒலி தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். இரண்டு தடவை பிள்ளைகள் சிரித்தால், மூன்றாவது தடவை அவன் வாயே திறக்கமாட்டான். டீச்சர் கண்ணுக்கு அது திமிராகத் தெரியும்: காலையில் கத்தினானே, இப்போது என்ன வந்தது?

வீட்டிலேயே பார்க்கலாம். ஏழாம் வாய்ப்பாட்டை அவனோடு சேர்ந்து சொல்லுங்கள். அப்புறம் அவனை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சேர்ந்து சொன்னபோது ஓடியது தனியாகச் சொல்லும்போது முதல் எழுத்திலேயே சிக்குகிறதா, "ஏ... ஏ..." என்று இழுக்கிறதா, கண்ணை இறுக்கி மூடுகிறானா, கழுத்து நரம்பு புடைக்கிறதா என்று கவனியுங்கள். வராத சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் போடுகிறானா என்பதும் முக்கியம். ஒருநாள் பார்த்து முடிவு கட்டாதீர்கள், திக்கல் நாளுக்கு நாள் கூடும் குறையும்.

இந்த அடையாளங்கள் இருந்தால் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். இரண்டு மூன்று வயதில் தொடங்கும் திக்கல் பலருக்குத் தானாகவே போய்விடும். ஆனால் எட்டு வயதிலும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். "மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பதும் உதவாது. அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாலே போதும்.

பயிற்சி மையங்களுக்கு வருகிறேன். திக்கலா கூச்சமா என்று சோதிக்காமலே மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுப்பதுதான் பல இடங்களில் பயிற்சி. திக்கும் பிள்ளைக்கு அது பயத்தைக் கூட்டும். ஆறு மாதத்தில் சரியாகும் என்று உத்தரவாதம் தருகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளிக்கூடமே பரிந்துரைத்தது என்றால் இன்னும் உஷாராக இருங்கள், கமிஷன் போகலாம்.

டயரிக்குப் பதில் எழுதும்போது சண்டை வேண்டாம். "அவனுக்குத் தனியாகச் சொல்ல வரவில்லை, மருத்துவரிடம் காட்டுகிறோம். அதுவரை அட்டெண்டன்ஸில் கையைத் தூக்கினால் போதும் என்று அனுமதியுங்கள்" என்று இரண்டு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகும் வகுப்பில் நிறுத்தி அவமானப்படுத்தினால், கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.