நெட்ஃபிளிக்ஸ் மட்டும் இரவில் திணறுவது ஏன்?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் நெட்ஃபிளிக்ஸ் மட்டும் மங்கலாகி சுற்றிக்கொண்டே நிற்கிறது. யூடியூப், மற்ற தளங்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. ஸ்பீட் டெஸ்டிலும் 95 காட்டுகிறது. ரவுட்டரை மாற்றலாமா?

ரவுட்டருக்குச் செலவு செய்ய வேண்டாம். அதில் கோளாறு இருந்தால் யூடியூபும் சேர்ந்தே திணறும்.

ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனத்துக்கு உள்ளேயோ பக்கத்திலோ இருக்கும் சர்வரைத்தான் அளக்கிறது. படம் வருகிற வழி வேறு. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை ஓப்பன் கனெக்ட் என்ற சொந்த சர்வர்களில் வைத்திருக்கிறது. பார்வையாளர்கள் நிறைய உள்ள இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே அவற்றை வைக்கக் கொடுக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், படம் வேறு ஊர் சர்வரிலிருந்து, நெட்ஃபிளிக்ஸ் நெட்வொர்க்கையும் உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்கையும் இணைக்கும் ஒரு தொடர்பு வழியாக வர வேண்டும். ஊரே படம் பார்க்கும் நேரத்தில் அந்த இணைப்பு நிரம்பிவிடும். யூடியூப் வருவது கூகுளின் சர்வர்களிலிருந்து, வேறு இணைப்பில். அதனால் அதற்குப் பாதிப்பில்லை.

அமெரிக்காவில் இதுவே பெரிய சண்டையானது. காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் வேகம் சரிந்துகொண்டே வந்தது. 2014 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் நேரடி இணைப்புக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு வேகம் ஏறியது. வீடுகளில் யாரும் எதையும் மாற்றவில்லை.

உங்கள் வீட்டில் இதைச் சோதிப்பது எளிது. fast.com நெட்ஃபிளிக்ஸின் தளம். அவர்களுடைய சர்வரிலிருந்தே அளக்கும். காலையில் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை ஓட்டுங்கள். காலையில் 90, இரவில் 4 என்று வந்து, அதே நேரம் சாதாரண ஸ்பீட் டெஸ்ட் 95 காட்டினால், சிக்கல் வழியில்தான். 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 4 என்றால் முழு எச்டிகூட தாங்காது. ‘Show more info’ அழுத்தினால் எந்த ஊர் சர்வர் என்றும் தெரியும். அப்புறம், வேறு நிறுவனத்தின் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். அதில் வேகம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வரை மாற்றச் சொல்வார்கள். நெட்ஃபிளிக்ஸ் உங்கள் ஐபி முகவரியைப் பார்த்து சர்வரைத் தேர்ந்தெடுப்பதால் இங்கே அது பெரிதாக உதவாது. வேறு சில தளங்களுக்கு அது முக்கியம்: 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் போட்டிருந்தால் தொலைவிலுள்ள சர்வர் கிடைத்துவிடலாம். அப்படி ஒரு தளம் இழுத்தால், நிறுவனத்தின் டிஎன்எஸ்-க்கே திரும்பிப் பாருங்கள்.

புகார் கொடுக்கும்போது “நெட் ஸ்லோ” என்று சொன்னால் ஆள் வந்து ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போவார். இரண்டு நேரத்து fast.com ஸ்கிரீன்ஷாட்கள், சர்வர் ஊர், உங்கள் பொது ஐபி முகவரி மூன்றையும் எழுத்தில் அனுப்பி, நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். இணைப்பைப் பெரிதாக்க அவர்களால்தான் முடியும். அவர்கள் அசையாவிட்டால் நிறுவனத்தை மாற்றலாம். அதற்கு முன் அந்தப் புது இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் இரவு 9 மணிக்கு fast.com ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.