“சாவி” என்றால் “ஆவி” என்று கேட்கிறதாம்

கேள்வி: இரைச்சலை நீக்கும் இயர்பட்ஸ் வாங்கினேன். எனக்குப் பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் சமையலறையில் இருந்து பேசினால் என் குரல் ரோபோ போல இருக்கிறது, பாதிச் சொற்கள் விழுந்துவிடுகின்றன என்கிறாள் மகள். “சாவி” என்றால் “ஆவி” என்று கேட்கிறதாம். கருவி பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் “இரைச்சல் நீக்கம்” பெரும்பாலும் உங்கள் காதுக்கானது. பாட்டு நன்றாகக் கேட்பது அதனால்தான். உங்கள் குரலைச் சுத்தம் செய்வது வேறு வேலை, அதைவிடக் கடினமானது.

அதற்குப் பல இயர்பட்ஸில் இரண்டு மைக்குகள், ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். வாயிலிருந்து வரும் ஒலி ஒன்றை முதலில் எட்டி, மற்றதை நொடியின் லட்சத்தில் மூன்று முதல் ஆறு பங்கு அளவு தாமதமாக எட்டும். இந்தத் தாமதத்தை வைத்துக் கருவி வாயின் திசையைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் சமையலறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால், திசையை மட்டும் நம்ப முடியாது.

மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஒலியைச் சுமார் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல சுருதிப் பட்டைகளாகப் பிரித்து, “இரைச்சல்” என்று தோன்றும் பட்டையைத் தணிக்கிறது. மின்விசிறியின் சீரான ஓசை அதற்கு எளிது. மிக்ஸி திடீரென்று அலறினால் தடுமாறுகிறது. அப்போது குரலின் பட்டைகளும் சேர்ந்து வெட்டுப்பட, மிஞ்சும் துணுக்குகள்தான் அந்த உலோகக் குரல். முதலில் பலியாவது “ச”, “ஸ” போன்ற காற்றொலிகள். அவை இயல்பிலேயே இரைச்சலின் சாயல் கொண்டவை. ஆகவே மகள் பொய் சொல்லவில்லை. சாவியில் “ச்” போனால் ஆவிதான் மிஞ்சும்.

இதே கோளாறு நெட்வொர்க்காலும் வரும். குரல் பொட்டலங்களாகப் போகிறது; பெரும்பாலும் ஒரு பொட்டலத்தில் 20 மில்லிநொடிப் பேச்சு. ஒன்று வராவிட்டால் மகளின் போன் முந்தைய ஒலியை நீட்டி ஓட்டையை அடைக்கும். அதுவும் ரோபோ போலத்தான் ஒலிக்கும். தொடர்ந்து சில வராவிட்டால் மௌனம். பிறகு சொற்கள் அவசரமாக ஓடிவரும்.

எது என்று அறிய, மிக்ஸியை நிறுத்திவிட்டு அதே இடத்தில் நின்று பேசிப் பாருங்கள். குரல் தெளிந்தால் குற்றவாளி மைக்கின் மென்பொருள். அமைதியிலும் உடைந்தால், இயர்பட்ஸைக் கழற்றி போனிலேயே பேசுங்கள். அப்போதும் உடைந்தால் சந்தேகம் நெட்வொர்க் மீது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பேசிப் பார்க்கலாம். போனில் மட்டும் சரியாக இருந்தால் ப்ளூடூத் இணைப்பையோ, மைக் துளையில் படிந்த அழுக்கையோ பாருங்கள்.

சமையலறைக்கு என் யோசனை மைக் உள்ள வயர் ஹெட்செட். காதருகே இருக்கும் மைக் வாயிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வயரில் உள்ள மைக்கை மூன்று சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரலின் ஒலியழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மிக்ஸியின் சத்தமோ அப்படியே இருக்கும். மென்பொருளுக்கு வெட்ட வேண்டியது குறைந்துவிடும்.