கிளீசன் 3-ஆ 4-ஆ: அரைகுறைச் சுரப்பிகள்

"ஒரு புரோஸ்டேட் புற்றுநோய் பயாப்ஸி துண்டில் நல்ல சிறு சுரப்பிகளுக்கு நடுவே லூமன் சரியாகத் தெரியாத நாலைந்து சுரப்பி. 3+3-ஆ, 3+4-ஆ?"

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 3+3 தான்.

பெரும்பாலும் இது வெட்டுக் கோணம் செய்யும் வேலை. குழாயின் ஓரத்தைச் சீவினால் லூமன் சிக்காது, செல்கள் மட்டும் கொத்தாக நிற்கும். பக்கத்திலேயே நன்றாக உருவான சுரப்பி இருந்தால் சந்தேகம் வெட்டுக் கோணத்தின் மேல்தான் போக வேண்டும்.

அதே பிளாக்கில் இன்னும் இரண்டு மூன்று லெவல் வெட்டச் சொல்லுங்கள். கொத்துக்குள் வட்டமாக லூமன் திறந்துகொண்டால் பேட்டர்ன் 3. எல்லா லெவலிலும் லூமன் வெறும் கீறலாகவே இருந்து, அப்படிப்பட்டவை கும்பலாகவும் இருந்தால் 4. இதை 10எக்ஸில் முடிவு செய்யுங்கள். 40எக்ஸில் தேடினால் எல்லாமே அரைகுறையாகத்தான் தெரியும். நானும் பயிற்சிக் காலத்தில் அப்படித் தேடி நிறைய 4 போட்டிருக்கிறேன்.

ஆனால் இந்தச் சலுகை அரைகுறைச் சுரப்பிகளுக்கு மட்டும்தான். இடையில் ஸ்ட்ரோமா இல்லாமல் சுரப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, சல்லடை போன்ற கிரிப்ரிஃபார்ம் அமைப்பு தெரிந்தாலோ, சிறியதாக இருந்தாலும் 4. லூமனே இல்லாத தகடுகளும் தனிச் செல்களும் 5. 3+3 நோயாளியைப் பெரும்பாலும் கண்காணிப்பிலேயே வைப்பார்கள் என்பதால், லெவலுக்குப் பிறகும் தயக்கம் இருந்தால் சீனியரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.